பத்து நொடியில் எது கண்ணில் பட்டது: ஓர் அக்கவுன்ட்ஸ் ரெஸ்யூமேயின் அமைப்பு குறித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

கோயம்புத்தூரில் பம்ப் தயாரிப்பு நிறுவனம் ஒன்றில் சீனியர் அக்கவுன்ட்ஸ் எக்ஸிகியூட்டிவாக வேலை பார்ப்பவரின் ரெஸ்யூமே இது. பி.காம் முடித்து, சி.ஏ. இடைநிலைத் தேர்வில் இரண்டு குரூப்பும் தேறி, ஆடிட்டரிடம் மூன்று ஆண்டு ஆர்டிகிள்ஷிப் பயிற்சி செய்தவர். ஃபைனல் எழுதி முடிக்கவில்லை. ஜி.எஸ்.டி., டி.டி.எஸ்., மாத இறுதிக் கணக்கு முடிப்பு, ஆடிட்டருக்கு அட்டவணைகள் தயாரிப்பது என்று ஒரு நடுத்தர நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் நடக்கும் எல்லா வேலையும் அவருக்குத் தெரியும். அசிஸ்டென்ட் மேனேஜர் நிலையிலான வேலைகளுக்குப் பல மாதங்களாக விண்ணப்பித்தும் நேர்காணல் அழைப்பு வரவில்லை. இந்தத் தகுதி உள்ளவர்களுக்குக் கோவை வட்டாரத்தில் தேவை இல்லாமல் இல்லை. ஆகவே தடை தகுதியில் இல்லை, ரெஸ்யூமேயில்தான் இருக்க வேண்டும் என்ற சந்தேகத்தோடு 2024 ஆகஸ்டில் அது ஒரு கன்சல்டன்சியின் மதிப்பாய்வுக்கு வந்தது.

மதிப்பாய்வு செய்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் மில்களுக்கும் எஞ்சினியரிங் நிறுவனங்களுக்கும் கணக்குப் பிரிவு ஆட்களை எடுத்துத் தரும் மூத்த ரெக்ரூட்டர். மற்றவர் அவருடைய குழுவில் வேலை போர்ட்டலில் தேடி, முதல் வடிகட்டல் செய்பவர். வேலை விவரங்களைக் கூட்டிக் குறைத்து எழுதுவதில்லை என்று முதலிலேயே முடிவானது. அமைப்பும் வரிசையும் எழுத்துருவும் மட்டுமே ஆய்வுக்கு எடுக்கப்பட்டன.

ரெஸ்யூமே இரண்டு பக்கம். டிசைன் வலைத்தளம் ஒன்றின் டெம்ப்ளேட்டில் செய்தது. இடப்பக்கம் ஏறக்குறைய ஏழு சென்டிமீட்டர் அகலத்துக்குக் கருநீலப் பட்டை. அதில் வட்டத்துக்குள் புகைப்படம், தொடர்பு விவரங்கள், திறன்களுக்கு எதிரே சதவீதக் கோடுகள். வலப்பக்கம் மேலிருந்து கீழாக: ஐந்து வரி நோக்க அறிக்கை, பத்தாம் வகுப்பில் தொடங்கும் கல்வி அட்டவணை, தனிப்பட்ட பலங்கள், அதன் பிறகு பணி அனுபவம். இப்போதைய வேலையின் தலைப்பு முதல் பக்கத்தின் கடைசி இரண்டு வரிகளில் வந்தது. அதில் அவர் என்ன செய்தார் என்பது இரண்டாம் பக்கத்துக்குப் போய்விட்டது.

முதல் பார்வை

ரெக்ரூட்டர்கள் முதல் பார்வைக்கு எவ்வளவு நேரம் கொடுக்கிறார்கள் என்பதற்கு அடிக்கடி சொல்லப்படும் எண் ஒன்று உண்டு. அமெரிக்க வேலைவாய்ப்புத் தளமான லேடர்ஸ், கண் அசைவைப் பதிவு செய்து நடத்திய ஆய்வில் 2012-ல் சுமார் 6 நொடி என்றும் 2018-ல் 7.4 நொடி என்றும் சொன்னது. சிறிய குழுவை வைத்துச் செய்த ஆய்வு அது. நம்மூர் அலுவலகத்துக்கு அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் முதல் பார்வையில் யாரும் வாசிப்பதில்லை, தேடத்தான் செய்கிறார்கள் என்பது மேசையில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு நாளில் ஐம்பது ரெஸ்யூமே திறக்கும் ஒருவர், மனதில் இருக்கும் நாலைந்து கேள்விகளுக்குப் பதில் கிடைக்கிறதா என்று பார்க்கிறார். கிடைத்தால் நிதானமாக வாசிப்பார். கிடைக்காவிட்டால் அடுத்ததைத் திறப்பார்.

இந்த வேலைக்கு அந்தக் கேள்விகள் எவை என்பதை மூத்த ரெக்ரூட்டர் முதலில் எழுதி வைத்தார். இப்போது என்ன பதவி, எந்த மாதிரி நிறுவனம்? ஆர்டிகிள்ஷிப் போக எத்தனை ஆண்டு அனுபவம்? சி.ஏ. இன்டர் முடித்தவரா? ஜி.எஸ்.டி. தாக்கலும் மாதக் கணக்கு முடிப்பும் தனியாகச் செய்யக்கூடியவரா? எந்த ஊரில் இருக்கிறார், எப்போது வந்து சேர முடியும்? ரெஸ்யூமேயைத் திறப்பதற்கு முன்பே இந்தப் பட்டியலை எழுதுவது அவசியம். முதலில் ரெஸ்யூமேயைப் பார்த்துவிட்டால், அதில் இருப்பவையே கேட்க வேண்டிய கேள்விகள் போலத் தோன்றிவிடும்.

பிறகு, அதுவரை ரெஸ்யூமேயைப் பார்க்காத இளைய ரெக்ரூட்டருக்கு முதல் பக்கம் திரையில் பத்து நொடி காட்டப்பட்டு மூடப்பட்டது. நினைவில் நின்றதை அவர் ஒரு தாளில் எழுதினார். புகைப்படம், பெயர், நீலப் பட்டை, "டேலி 90 சதவீதம்", கல்லூரியின் பெயர், ஒரு மதிப்பெண் சதவீதம். மேலே எழுதி வைத்த கேள்விகளில் ஒன்றுக்குக்கூட அதில் பதில் இல்லை. விவரங்கள் எல்லாம் ரெஸ்யூமேயில் இருந்தன. முதல் பார்வையில் கண் போகும் இடங்களில் மட்டும் அவை இல்லை. கருநீலம் தாளிலேயே அழுத்தமான நிறம், புகைப்படம் முகம். இவை இரண்டும் கண்ணை இழுத்து இடப்பக்க மேல்மூலையில் நிறுத்திவிட்டன.

சதவீதக் கோடுகளைப் பற்றி இங்கேயே சொல்லிவிடலாம். டேலியில் 90 சதவீதம் என்றால் எதில் 90 என்று யாராலும் சொல்ல முடியாது. எக்செல்லுக்கு 75 என்று போட்டிருந்தார். அதைப் பார்ப்பவர் மனதில் பதிவது, மீதி 25 தெரியாது என்பதுதான். பிவட் டேபிள், வி-லுக்கப், ஜி.எஸ்.டி.ஆர்-2பி-யை வாங்கல் பதிவேட்டோடு ஒப்பிடுவது என்று செய்யும் வேலையை எழுதினால் அந்தக் கேள்வியே எழாது.

படத்துக்குப் பின்னால் இருந்த எழுத்து

ரெஸ்யூமேயை மனிதக் கண்ணுக்கு முன்னால் மென்பொருள் படிக்கிறது. வேலை போர்ட்டலும் நிறுவனங்களின் விண்ணப்ப மென்பொருளும் பி.டி.எஃப்.பில் உள்ள எழுத்தை உருவி எடுத்துத் தேடலுக்கு வைத்துக்கொள்கின்றன. எனவே அந்த எழுத்து எப்படி வருகிறது என்று பார்க்கப்பட்டது. இதற்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. பி.டி.எஃப்.பைத் திறந்து எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து நோட்பேடில் ஒட்டினாலே போதும். கட்டளை வரி பழக்கம் உள்ளவர்கள் இதைப் பயன்படுத்தலாம்:

```
pdftotext resume.pdf out.txt
```

வந்த எழுத்தில் மூன்று கோளாறுகள் தெரிந்தன. முதலாவது, இரண்டு பத்திகளும் சில இடங்களில் ஒன்றோடொன்று கலந்திருந்தன:

```
E X P E R I E N C E
Tally Prime Handled monthly GSTR-1 and
MS Excel GSTR-3B filing for two units
```

வலப்பக்க வாக்கியத்தின் நடுவே இடப்பக்கத் திறன் பட்டியல் புகுந்துவிட்டது. கண்ணுக்கு இரண்டு பத்தியாகத் தெரிவது, கோப்புக்குள் எந்த எழுத்து எந்த இடத்தில் நிற்கிறது என்ற குறிப்பாக மட்டுமே இருக்கிறது. எந்தப் பத்தியை முதலில் படிக்க வேண்டும் என்று அங்கே எழுதியிருக்காது. சில மென்பொருள்கள் சரியாக ஊகிக்கும், சில வரிக்கு வரி இடமிருந்து வலமாகப் படித்துவிடும்.

இரண்டாவது, தலைப்பில் எழுத்துகளுக்கு இடையே இடைவெளி விட்டு அழகு செய்திருந்ததால், அனுபவம் என்ற ஆங்கிலச் சொல் பத்துத் தனி எழுத்துகளாக வந்தது. பகுதித் தலைப்பை அடையாளம் கண்டு அதன் கீழ் வருவதை அனுபவம் என்று பிரிக்கும் மென்பொருளுக்கு இந்தத் தலைப்பு தலைப்பாகவே தெரியாது. எழுத்து இடைவெளியை ஸ்பேஸ் பார் தட்டாமல் எழுத்துரு அமைப்பில் கூட்டினாலும், பல நேரம் இதே விளைவுதான்.

மூன்றாவது கோளாறு அமைப்பைச் சேர்ந்ததல்ல, சொல்லைச் சேர்ந்தது. ஆனால் தேடலில் இதுதான் பெரிய அடி. அவர் தேர்வு எழுதிய காலத்தில் சி.ஏ. இடைநிலைத் தேர்வின் பெயர் ஐ.பி.சி.சி. பிறகு வந்த புதிய பாடத்திட்டத்தில் அது இன்டர்மீடியட் ஆனது. ரெஸ்யூமேயில் ஐ.பி.சி.சி. என்று மட்டும் இருந்தது, அதுவும் கல்வி அட்டவணையின் நாலாவது வரிசையில். வேலை விளம்பரங்கள் பெரும்பாலும் சி.ஏ. இன்டர் என்றே கேட்கின்றன, போர்ட்டலில் ரெக்ரூட்டர் தட்டுவதும் அதையேதான். அந்தத் தேடலில் இவருடைய ரெஸ்யூமே வருவதற்கு வழியே இல்லை.

தொலைபேசி, மின்னஞ்சல் முன்னால் இருந்த சின்னப் படங்கள் வெறும் கட்டங்களாக வந்தன. அது பெரிய சேதம் இல்லை. எண்ணும் முகவரியும் ஒழுங்காகவே இருந்தன.

எழுத்துரு

பழைய ரெஸ்யூமேயின் எழுத்துரு ராலேவேயின் மெல்லிய வகை, 9 புள்ளி அளவு, சாம்பல் நிறம். திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் அழகுதான். சிக்கல் எங்கே என்றால், இது கணக்காளரின் ரெஸ்யூமே. பக்கம் முழுக்க எண்கள்.

ராலேவேயில் எண்கள் இயல்பாகவே பழைய பாணியில் வரும். 0, 1, 2 ஆகியவை ஆங்கிலச் சின்ன எழுத்தின் உயரத்திலேயே நின்றுவிடும். 3, 4, 5, 7, 9 வரிக்குக் கீழே இறங்கும். 6, 8 மேலே எழும். கதைப் புத்தகத்தின் பத்திக்குள் இந்தப் பாணி உறுத்தாமல் கலந்து போகும். தேதிகளையும் தொகைகளையும் படிவ எண்களையும் மேலிருந்து கீழாகக் கண் ஓட்டிப் பார்க்கும் இடத்தில் அது தடை. 2017, 2020, 2021 என்று வலது ஓரத்தில் நின்ற ஆண்டுகளில் 7 மட்டும் கீழே தொங்கியது, 0 ஆங்கில 'ஓ' எழுத்துப் போலத் தெரிந்தது. ஜி.எஸ்.டி.ஆர்-1 என்பதன் 1 பெரிய எழுத்துகளுக்குப் பக்கத்தில் குட்டையாகச் சுருங்கி நின்றது.

நிறம் அடுத்தது. `#8A8A8A` என்ற சாம்பலுக்கும் வெள்ளைத் தாளுக்கும் உள்ள வேறுபாட்டு விகிதம் ஏறக்குறைய 3.5-க்கு 1. வலைப்பக்கங்களில் சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தபட்சம் 4.5-க்கு 1 வேண்டும் என்பது நடைமுறைத் தரம். திரையை விட அச்சில்தான் இது அதிகம் கெடுக்கும். லேசர் பிரிண்டரிடம் சாம்பல் மை கிடையாது. கருப்புப் புள்ளிகளை இடைவிட்டுத் தெளித்துத்தான் சாம்பலைக் காட்டும். மெல்லிய எழுத்தின் கோடு அந்தப் புள்ளி இடைவெளியை விடச் சன்னமாக இருந்தால் கோடு அறுந்துவிடும். அலுவலகப் பிரிண்டரில் எடுத்த படியில் சதவீதக் குறிகளும் 'e' எழுத்தின் நடுக்கோடும் பல இடங்களில் காணாமல் போயிருந்தன. நீலப் பட்டை கரும்பட்டையாகி, அதன் மேல் இருந்த வெள்ளை எழுத்து அடைபட்டுவிட்டது. நேர்காணல் நாளில் ஃபைனான்ஸ் மேனேஜர் கையில் இருப்பது இப்படி எடுத்த ஒரு தாள்தான். வண்ணப் பிரிண்டரை யாரும் ரெஸ்யூமேக்குப் பயன்படுத்துவதில்லை.

மாற்று எழுத்துருவாக முதலில் எடுத்தது காலிப்ரி. எண்கள் ஒரே உயரம், ஒரே அகலம், குறைந்த இடத்தில் நிறையச் சொற்கள் அடங்கும். புதிய வரைவை பி.டி.எஃப். ஆக்கி மறுபடி எழுத்தை உருவியபோது ஒரு கோளாறு வெளிப்பட்டது:

```
Bank reconciliaƟon
```

காலிப்ரியில் 't', 'i' இரண்டும் அடுத்தடுத்து வந்தால் ஒரே வடிவமாக இணையும் வசதி உண்டு. பி.டி.எஃப். ஆக்கும் சில வழிகளில் அந்த இணை வடிவம் வேறொரு எழுத்தாகப் பதிவாகிவிடும். கண்ணுக்குச் சரியாகத் தெரியும், தேடலில் அகப்படாது. கணக்கு வேலையில் வங்கிக் கணக்கு ஒப்பீட்டுக்கான அந்தச் சொல் முக்கியமான தேடுசொல், அதுவே உடைந்திருந்தது. வேர்டில் எழுத்துரு அமைப்பின் மேம்பட்ட பகுதிக்குப் போய் இணைவடிவத்தை நிறுத்தினால் சரியாகும். ஆனால் விண்ணப்பதாரர் பிறகு தானே திருத்தும்போது இந்த அமைப்பு நினைவில் இருக்காது என்பதால் ஏரியலுக்கு மாறினார்கள். புதுமை ஒன்றும் இல்லாத எழுத்துரு. எங்கே திறந்தாலும் அதே போல் இருக்கும், எண்கள் நேராக நிற்கும், இந்தச் சிக்கல் வராது.

அளவுகள் இப்படி முடிவாயின: பெயர் 16 புள்ளி, பகுதித் தலைப்பு 12 தடிமன், உடல் எழுத்து 10.5, நிறம் முழுக் கருப்பு. வரி இடைவெளி 1.15, நான்கு பக்கமும் 2 சென்டிமீட்டர் ஓரம். இடப்பக்கம் ஒட்டிய வரிகள். இருபுறமும் சமன் செய்யவில்லை, ஏனென்றால் சமன் செய்தால் குறிப்பு வரிகளில் சொற்களுக்கு இடையே ஓட்டை விழும். தடிமன் எழுத்து இரண்டு இடங்களுக்கு மட்டும்: பகுதித் தலைப்பும் பதவியின் பெயரும். பழைய ரெஸ்யூமேயில் ஒரு பத்திக்கு நாலைந்து சொல் தடிமனாக இருந்தது. எல்லாம் தடிமன் ஆனால் கண் எங்கும் நிற்காது.

வரிசை: முடிவுகளும் காரணங்களும்

ஒற்றைப் பத்தியாக மாற்றுவது என்பதில் பேச்சே எழவில்லை. எழுத்து கலப்பது ஒரு காரணம். வாட்ஸாப்பில் ஃபார்வர்டு ஆகி வரும் ரெஸ்யூமேயைப் பலரும் கைபேசியில் பார்க்கிறார்கள் என்பது இன்னொன்று. ஏ4 தாள் கைபேசியின் அகலத்துக்குச் சுருங்கும்போது எழுத்து மூன்றில் ஒரு பங்காகிவிடும். ஒற்றைப் பத்தியில் பெரிதாக்கிக்கொண்டு கீழே தள்ளிக்கொண்டே போகலாம். இரண்டு பத்தியில் இடமும் வலமுமாக இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். மூன்றாவது காரணம் கன்சல்டன்சிகளின் நடைமுறை. கம்பெனிக்கு அனுப்பும் முன் தொடர்பு விவரங்களை எடுத்துவிட்டுத் தங்கள் பெயரை மேலே போடுவார்கள். அதற்கு வேர்டு கோப்பு வேண்டும். டிசைன் தளத்தின் பி.டி.எஃப்.பை அப்படித் திருத்துவது பெரும்பாடு; அவசரத்தில் அது பின்னுக்குத் தள்ளப்படும்.

விவாதம் நடந்தது கல்வியை எங்கே வைப்பது என்பதில். ஆறேழு ஆண்டு அனுபவம் உள்ளவருக்குக் கல்வி கீழே போக வேண்டும் என்பது பொது வழக்கம், இளைய ரெக்ரூட்டரும் அதையே சொன்னார். மூத்தவர் ஒப்பவில்லை. கணக்குப் பிரிவில் சி.ஏ. இன்டர் என்பது படிப்பு மட்டும் இல்லை, சம்பள வரம்பையே தீர்மானிக்கும் வடிகட்டி. அது இரண்டாம் பக்கத்தில் கிடந்தால் பாதிப் பேர் பார்க்க மாட்டார்கள் என்பது அவர் கட்சி. இரண்டும் சரி. எனவே கல்விப் பகுதியைக் கீழே வைத்துவிட்டு, அந்த ஒரு தகுதியை மட்டும் பெயருக்குக் கீழே தூக்கி வைத்தார்கள். பழைய, புதிய பெயர் இரண்டும் இருக்கும்படி:

```
Senior Accounts Executive | 6 years 4 months
CA Inter (IPCC, both groups) | B.Com
Coimbatore | Notice period: 60 days
```

இந்த மூன்று வரிதான் மதிப்பாய்வின் மையம். எழுதி வைத்த ஐந்து கேள்விகளில் மூன்றுக்கு இங்கேயே பதில் இருக்கிறது. மீதி இரண்டுக்கு அடுத்து வரும் நாலு வரிச் சுருக்கமும் இப்போதைய வேலையின் முதல் இரண்டு குறிப்புகளும் பதில் சொல்லும். இவற்றை வேர்டின் பக்கத் தலைப்புப் பகுதிக்குள் போடாமல் உடல் பகுதியிலேயே வைத்ததற்கும் காரணம் உண்டு: சில மென்பொருள்கள் பக்கத் தலைப்பையும் அடியையும் படிக்காமல் விட்டுவிடும்.

முதல் வரியில் உள்ள 6 ஆண்டு 4 மாதம் சும்மா வந்ததல்ல. பழைய ரெஸ்யூமே 9 ஆண்டுக்கு மேல் என்றது. போர்ட்டல் விவரத்தில் 6 என்று இருந்தது. ஆர்டிகிள்ஷிப்பின் மூன்று ஆண்டுகளை ஓரிடத்தில் சேர்த்து, இன்னோரிடத்தில் விட்டிருந்தார். "ஆர்டிகிள்ஷிப்பும் வேலை பார்த்ததுதானுங்களே மேடம்?" என்று அவர் கேட்டார். "வேலைதாங்க, இல்லைன்னு சொல்லலை. ஆனா கம்பெனி அதைத் தனியாத்தான் எண்ணும். ரெண்டு இடத்துல ரெண்டு கணக்கு இருந்தா, எது நிஜம்னு கேக்க மாட்டாங்க, ஒதுக்கிடுவாங்க" என்றார் மூத்த ரெக்ரூட்டர். 2017 நவம்பர் முதல் 2020 செப்டம்பர் வரை 35 மாதம், 2021 ஏப்ரல் முதல் 2024 ஆகஸ்ட் வரை 41 மாதம், ஆக 76. ஆர்டிகிள்ஷிப் தனித் தலைப்பாக அனுபவத்தின் கீழே நின்றது, எண்ணிக்கையில் சேரவில்லை.

இந்தக் கணக்கைப் போடும்போதே இடையில் ஆறு மாத இடைவெளி தெரிந்தது. பழைய ரெஸ்யூமே ஆண்டுகளை மட்டும் போட்டு அதை மறைத்திருந்தது. மாதம் இல்லாத தேதியைப் பார்த்தாலே ரெக்ரூட்டர் இடைவெளியைத்தான் தேடுவார். எனவே மாதத்தோடு ஆண்டும் போடப்பட்டு, இடைவெளிக்குக் குடும்ப மருத்துவக் காரணம் என்று ஒரே வரி சேர்க்கப்பட்டது. எல்லாத் தேதியும் வலது ஓரத்தில், டேப் நிறுத்தத்தால் ஒரே கோட்டில். ஸ்பேஸ் பார் தட்டி நகர்த்தினால் எழுத்துரு மாறும்போது கோடு கலைந்துவிடும்.

அனுபவக் குறிப்புகளில் சொற்களைத் தொடவில்லை, வரிசையை மட்டும் மாற்றினார்கள். இப்போதைய வேலையில் பதினொரு குறிப்புகள் இருந்தன. முதலாவது வவுச்சர் பதிவு, ஒன்பதாவது மாதக் கணக்கு முடிப்பு. வேலையில் சேர்ந்த காலத்து வரிசையில் எழுதியிருக்கிறார். அசிஸ்டென்ட் மேனேஜர் தேடுபவர் முதல் குறிப்பில் வவுச்சர் பதிவைப் பார்த்தால் இவரை ஜூனியர் என்று முடிவு கட்டிவிடுவார். மாதக் கணக்கு முடிப்பு, ஜி.எஸ்.டி. தாக்கல், ஆடிட் என்று மேலே கொண்டுவந்து, வவுச்சர் பதிவைக் கடைசியில் மற்ற இரண்டோடு சேர்த்தார்கள். எந்தக் குறிப்பும் இரண்டு வரிக்கு மேல் இல்லை.

நோக்க அறிக்கை, தனிப்பட்ட பலங்கள், தந்தை பெயர், மத்தியில் கையெழுத்துக்கு இடம் விட்ட உறுதிமொழி, புகைப்படம் ஆகியவை நீக்கப்பட்டன. கல்வி அட்டவணை அட்டவணையாக இல்லாமல் மூன்று வரிகளாக ஆனது. பத்தாம் வகுப்பு மதிப்பெண் போனது. மொத்தம் ஒன்றரைப் பக்கம். ஒரே பக்கத்துக்குள் அடக்க முயலவில்லை. அதற்காக எழுத்தை 9 புள்ளிக்குச் சுருக்குவது செய்த வேலையையே கெடுக்கும்.

பத்து நொடிச் சோதனை மறுபடி நடந்தது. இளைய ரெக்ரூட்டருக்கு இப்போது விவரம் தெரியும் என்பதால் அவரை விட்டு, அலுவலகத்தில் வேறு பிரிவு பார்ப்பவரிடம் காட்டப்பட்டது. அவர் எழுதியது: சீனியர் அக்கவுன்ட்ஸ், ஆறு வருடத்துக்கு மேல், சி.ஏ. இன்டர், கோயம்புத்தூர், 60 நாள் நோட்டீஸ், பம்ப் கம்பெனி. ஜி.எஸ்.டி. பற்றி அவர் எழுதவில்லை. அதனால் சுருக்கத்தின் முதல் வாக்கியத்துக்கு அது நகர்த்தப்பட்டது.

விளைவு

புதிய ரெஸ்யூமே பி.டி.எஃப்., வேர்டு இரண்டு வடிவிலும் சேமிக்கப்பட்டது. கோப்பின் பெயரில் அவருடைய பெயரும் பதவியும் ஆண்டுகளும் இருந்தன. அதே வாரம் போர்ட்டல் விவரமும் ரெஸ்யூமேயோடு ஒத்துப்போகும்படி திருத்தப்பட்டது.

அடுத்த சில வாரங்களில் இரண்டு நிறுவனங்கள் நேர்காணலுக்கு அழைத்தன. ஒன்றில் ஃபைனான்ஸ் மேனேஜர் அச்சிட்ட தாளை மேசையில் வைத்துக்கொண்டு, முதல் மூன்று குறிப்புகளிலிருந்தே கேள்விகளைத் தொடங்கினார். இடைவெளி பற்றிக் கேட்டுவிட்டு, ஒரு நிமிடத்தில் அடுத்ததற்குப் போய்விட்டார். அந்த நிறுவனத்தில் வேலை கிடைத்தது. மற்றொன்று நேர்காணலுக்கு நாள் குறித்தபின் பின்வாங்கியது. 60 நாள் காத்திருக்க முடியாது என்று காரணம் சொன்னார்கள். பழைய மில் ஒன்றின் அலுவலகத்திலிருந்து, பிறந்த தேதியும் சொந்த ஊரும் சேர்த்து "பயோடேட்டாவா" அனுப்பச் சொல்லி அழைப்பு வந்தது. அனுப்பினார், பதில் இல்லை.

இதில் அமைப்பின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல இந்த நிகழ்வில் வழியில்லை. போர்ட்டல் விவரமும் சி.ஏ. இன்டர் என்ற சொல்லும் அதே வாரம் மாறின. தேடலில் அகப்பட்டதற்கு அந்தச் சொல்லும், திறந்தபின் ஒதுக்காமல் படித்ததற்கு அமைப்பும் காரணமாக இருந்திருக்கும் என்பதே இரண்டு ரெக்ரூட்டர்களின் கணிப்பு.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

எழுத்தை உருவிப் பார்க்கும் சோதனையை எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டும். இங்கே பத்து நொடிச் சோதனையில் தொடங்கியதால், காலிப்ரியில் முழு வரைவையும் முடித்த பிறகுதான் இணைவடிவக் கோளாறு தெரிந்தது. புதிய எழுத்துருவில் ஒரு பத்தி தட்டி, அதே வழியில் பி.டி.எஃப். ஆக்கிப் பார்த்திருந்தால் ஒரு சுற்று மிச்சமாகியிருக்கும்.

வேர்டு வடிவைப் பழைய பாணி நிறுவனங்களுக்கென்று பிறந்த தேதி, சொந்த ஊர் சேர்த்துத் தனியாக ஒன்று வைத்திருக்கலாம். கோவை, திருப்பூர் வட்டாரத்தில் இன்னும் அதைக் கேட்கும் மில்கள் உண்டு. கேட்டபின் அவசரமாகத் தட்டி அனுப்பும்போது வரிசை மறுபடி பழையதாகிவிடுகிறது.

நோட்டீஸ் பீரியட் வரிதான் மிகவும் திருத்த வேண்டியது. அவருடைய நிறுவனத்தில் மீதி நாட்களுக்குச் சம்பளத்தைக் கட்டிவிட்டு 30 நாளில் கிளம்பும் விதி இருந்தது என்பது, பின்வாங்கிய நிறுவனத்திடம் பேசியபோதுதான் தெரியவந்தது. பக்கத்தின் உச்சியில், எல்லோர் கண்ணும் முதலில் படும் இடத்தில் 60 என்ற எண் தனியாக நின்றது. அந்த இடத்தில் வைக்கும் ஒவ்வொரு எண்ணையும் வைப்பதற்கு முன், வேலை ஒப்பந்தத்தை எடுத்துவரச் சொல்லி, விதியைப் பார்த்து, "60 நாள், 30 நாளாகக் குறைக்கலாம்" என்று முழுதாக எழுத வேண்டும். விண்ணப்பதாரரின் இப்போதைய ரெஸ்யூமேயில் அந்த வரி அப்படித்தான் இருக்கிறது.